மழைமானி அளவுகளை வரைபடமாக்கினால் ஏன் வட்டம் வட்டமாக வருகிறது?

கேள்வி: 2015 டிசம்பர் சென்னை மழையை கியூஜிஐஎஸ்-இல் ஐடிடபிள்யூ போட்டு வரைபடமாக்கினேன். ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் கண் மாதிரி வட்டங்கள் வருகின்றன. மழை அப்படியா பெய்திருக்கும்? P மதிப்பை எவ்வளவு வைக்க வேண்டும்?

பதில்:

இல்லை, மழை அப்படிப் பெய்யவில்லை. அந்த வட்டங்கள் மழையின் வடிவத்தைவிட உங்கள் மழைமானிகள் எங்கே இருக்கின்றன என்பதைத்தான் அதிகம் சொல்கின்றன. உங்கள் மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. அருகில் உள்ள நிலையத்துக்கு அதிக எடையும் தொலைவில் உள்ளதற்குக் குறைந்த எடையும் கொடுத்துச் சராசரி எடுக்கும் ஐடிடபிள்யூ முறையின் கைவரிசையே அதுதான். நீங்கள் எடுத்த அதே மழையை நான்கே நிலையங்களை வைத்துக் கையால் கணக்குப் போட்டால் காரணம் புரிந்துவிடும்.

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவானது. போரூரில் மழைமானி இல்லை என்று வைத்துக்கொண்டு, அங்கே எவ்வளவு பெய்திருக்கும் என்று கேட்போம். வரைபடத்தில் அளந்தால் போரூரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 6 கி.மீ., நுங்கம்பாக்கம் 10, செம்பரம்பாக்கம் ஏரி 11, தாம்பரம் 14.

ஒவ்வொரு நிலையத்துக்கும் எடை என்பது 1-ஐ தூரத்தின் P அடுக்கால் வகுத்தது. P = 2 என்றால் மீனம்பாக்கத்தின் எடை 1/36, நுங்கம்பாக்கத்துக்கு 1/100, செம்பரம்பாக்கத்துக்கு 1/121, தாம்பரத்துக்கு 1/196. மழையை எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, எடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போரூருக்கு 37.2 செ.மீ. வருகிறது. மொத்த எடையில் பாதிக்கு மேல் மீனம்பாக்கத்துக்கே போய்விடுகிறது. P = 1 என்று வைத்தால் விடை 38.5; P = 4 என்றால் 35.6, அதாவது கிட்டத்தட்ட மீனம்பாக்கத்தின் அளவே. நான்கு நிலையங்களின் சாதாரண சராசரி 40. ஆக P என்பது ஒரு முனையில் எல்லாருடைய சராசரிக்கும், மறுமுனையில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதற்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை முடிவு செய்யும் திருகுதான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எடை எப்படி மாறினாலும் கிடைப்பது ஒரு சராசரி. சராசரி 49-ஐத் தாண்டாது, 29-க்குக் கீழேயும் இறங்காது. இந்த நான்கு நிலையங்களை வைத்து வரையும் படத்தில் அதிகபட்ச மழை தாம்பரம் மழைமானி நிற்கும் புள்ளியிலும், குறைந்தபட்சம் நுங்கம்பாக்கத்திலும்தான் வந்தாக வேண்டும். உண்மையில் மேகத்தின் உச்சம் இரண்டு மழைமானிகளுக்கு நடுவே ஏதோ ஒரு ஏரிக்கு மேல் கொட்டியிருக்கலாம். அதை இந்த முறையால் ஒருபோதும் காட்ட முடியாது. P = 2 போல ஒன்றுக்கு மேல் இருந்தால், நிலையத்துக்கு மிக அருகில் பரப்பு தட்டையாகி, கொஞ்சம் தள்ளியதும் வேகமாகச் சராசரியை நோக்கிச் சரியும். நீங்கள் பார்க்கும் கண் இதனால் வருவதுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு நிலையத்தை மறைத்துவிட்டு, மற்றவற்றிலிருந்து அதைக் கணித்து, உண்மை அளவோடு ஒப்பிடுங்கள். தாம்பரத்தை எடுத்துவிட்டால், அங்கிருந்து சுமார் 10 கி.மீ.-இல் மீனம்பாக்கம், 12-இல் செம்பரம்பாக்கம், 21-இல் நுங்கம்பாக்கம் இருக்கின்றன. P = 2 வைத்தால் தாம்பரத்துக்குக் கிடைப்பது 38.6 செ.மீ.; பெய்ததோ 49. இப்போது நுங்கம்பாக்கத்தை மறைத்தால் அதற்கு வருவது 39.6, பெய்தது 29. மழை அதிகம் பெய்த இடமும் குறைவாகப் பெய்த இடமும் கணிப்பில் ஒரே மாதிரி ஆகிவிட்டன! ஒன்றில் 10 செ.மீ. குறைவு, இன்னொன்றில் 10 செ.மீ. அதிகம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 10 செ.மீ. மழை என்றால் ஒரு லட்சம் கன மீட்டர் தண்ணீர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தப் பிழையின் கனம் தெரியும்.

நான்கு நிலையங்களை வைத்து P-ஐத் தேர்ந்தெடுக்க முடியாது. உங்களிடம் இருபது முப்பது நிலையங்கள் இருந்தால், இதே மறைத்துப் பார்க்கும் சோதனையை எல்லா நிலையங்களுக்கும் ஓட்டி, P-இன் எந்த மதிப்பில் பிழை குறைவு என்று பாருங்கள்:

```python
import numpy as np

def idw(xy, z, q, p=2):
    d = np.hypot(*(xy - q).T)
    if d.min() == 0:
        return z[d.argmin()]
    w = d ** -p
    return (w * z).sum() / w.sum()

def loo(xy, z, p):
    n = np.arange(len(z))
    e = [idw(xy[n != i], z[n != i], xy[i], p) - z[i] for i in n]
    return np.sqrt(np.mean(np.square(e)))

for p in (1, 1.5, 2, 2.5, 3, 4):
    print(p, loo(xy, z, p))
```

`xy` என்பது மீட்டரில் நிலையங்களின் இருப்பிடம் (சென்னைக்கு `EPSG:32644` ஆள்கூற்று முறை), `z` மழை அளவு. பெரும்பாலும் 1.5-க்கும் 3-க்கும் இடையே பிழை அதிகம் மாறாமல் ஓடும். அப்படி இருந்தால் 2 வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். P-ஐப் பற்றி எல்லாரும் கவலைப்படுவது கொஞ்சம் அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. படத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலாவது, நிலையங்களின் நெருக்கம். நகருக்குள் மழைமானிகள் கூட்டமாக இருக்கும், அடையாற்றின் மேல்பகுதியில் ஆங்காங்கே ஒன்றுதான் இருக்கும். மேலே போட்ட போரூர் கணக்கில் நுங்கம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே, அதே 29 செ.மீ. பதிவு செய்த இன்னும் இரண்டு மழைமானிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவை புதிதாக எதையும் சொல்லவில்லை. ஆனால் போரூரின் விடை 37.2-இலிருந்து 34.9-க்கு இறங்கிவிடும், ஒரே சாட்சியை மூன்று முறை எண்ணிவிட்டதால். டொனால்ட் ஷெப்பர்ட் 1968-இல் இந்த முறையை எழுதியபோதே இதைக் கவனித்து, ஒரே திசையில் ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்து நிற்கும் நிலையங்களின் எடையைக் குறைக்கும் திருத்தத்தையும் சேர்த்திருந்தார். இந்திய வானிலைத் துறை வெளியிடும் 0.25 பாகைக் கட்டத் தரவு ஷெப்பர்ட் முறையில் தயாரானதுதான். ஆனால் கியூஜிஐஎஸ்-இன் `IDW interpolation` கருவி திசையைப் பார்ப்பதில்லை. எளிய சூத்திரத்தை மட்டும் எல்லா நிலையங்களுக்கும் போடுகிறது. எனவே நெருங்கிய நிலையங்களை நீங்களே ஒன்றாகச் சராசரி எடுத்துவிட்டுக் கொடுப்பது நல்லது. அல்லது `Grid (IDW with nearest neighbor searching)` கருவியில் தேடும் ஆரத்தையும் அதிகபட்ச நிலையங்களின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தலாம். ஆனால் இது தொலைவில் உள்ளவற்றை வெட்டுமே தவிர, பக்கத்துக் கூட்டத்தைக் கரைக்காது.

இரண்டாவது, நாள் கணக்கு. படத்தில் ஒரு நிலையம் மட்டும் விநோதமாகத் துருத்திக்கொண்டு நின்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வானிலைத் துறையின் வழக்கப்படி காலை 8.30-க்கு அளந்த மழை அன்றைய தேதியில் எழுதப்படும். டிசம்பர் 1 பகலும் இரவும் கொட்டியது டிசம்பர் 2 என்ற தேதியில் இருக்கும். தானியங்கி மழைமானி ஒன்றின் தரவை யாராவது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கூட்டி வைத்திருந்தால், அதே மழையின் பெரும்பங்கு டிசம்பர் 1 என்று பதிவாகியிருக்கும். இரண்டையும் ஒரே கோப்பில் கலந்து டிசம்பர் 2-ஐ வரைந்தால், அந்த நிலையத்தைச் சுற்றி மழை குறைந்த ஒரு கண் முளைக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: அந்த நிலையத்தின் ஒரு மாத வரிசையை ஒரு நாள் முன்னும் பின்னும் நகர்த்தி, பக்கத்து நிலையத்தோடு எப்போது ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ஒரு நாள் நகர்த்தியதும் ஒப்புமை எகிறினால் நேரம்தான் பிரச்சினை. அளக்காத நாளை 0 என்று நிரப்பியிருந்தாலும் இதே போன்ற கண் வரும். ஆனால் அது ஏதாவது சில நாட்களில் மட்டும் தோன்றும், நகர்த்தினாலும் சரியாகாது. அளக்காத நாளை வெற்றாக விட்டு, அந்த நாளுக்கு அந்த நிலையத்தை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, படத்தின் ஓரம். வங்கக்கடலுக்குள் 150 கி.மீ. தள்ளி ஒரு புள்ளியை எடுத்தால் நான்கு நிலையங்களும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கும், எடைகள் சமமாகும், விடை சுமார் 40 செ.மீ. என்று வரும். அங்கே என்ன பெய்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் படம் துணிந்து நீல நிறம் அடித்துவிடும். நிலையங்களை வெளிப்புறமாகச் சுற்றி ஒரு எல்லை வரைந்து, அதற்கு வெளியே உள்ளதை வெட்டிவிடுங்கள்.

சென்னை சமவெளி என்பதால் இவ்வளவோடு தப்பித்தோம். இதையே தென்மேற்குப் பருவமழைக்கு ஆனைமலைப் பக்கம் செய்தால் நிலைமை வேறு. வால்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் நேர்த்தூரம் 40 கி.மீ.-க்குள்தான், ஆனால் வால்பாறை மலைமேலே ஜூலையில் நனைந்துகொண்டிருக்கும்போது பொள்ளாச்சி மழைமறைவில் இருக்கும். சூத்திரத்துக்குத் தெரிவது தூரம் மட்டும். நடுவே உள்ள மலைமுகடு தெரியாது. அது வால்பாறை மழையைச் சரிவில் இறக்கி உடுமலைப்பேட்டை வரைக்கும் மெல்ல மெல்லப் பரப்பிக் காட்டும். அங்கே P-ஐ மாற்றிப் பயனில்லை. முகட்டின் இரு பக்க நிலையங்களையும் பிரித்துத் தனித்தனியாக இடைக்கணிப்பு செய்யுங்கள், அல்லது உயரத்தையும் சேர்த்துக்கொள்ளும் வேறொரு முறைக்குப் போங்கள்.

உங்கள் திட்டத்துக்குச் சொல்வதென்றால், P = 2 வைத்துப் படம் போடுங்கள், நிலையங்களைப் புள்ளிகளாக மேலேயே காட்டுங்கள், மறைத்துப் பார்த்ததில் வந்த சராசரிப் பிழையைக் குறிப்பில் எழுதுங்கள். அடையாறு வடிநிலத்தின் மொத்த மழை போன்ற சராசரிக் கணக்குக்கு இந்தப் பரப்பு ஓரளவு உதவும், ஏனென்றால் கூடுதல் கணிப்பும் குறை கணிப்பும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும். "எந்தத் தெருவில் அதிகம் பெய்தது" என்ற கேள்விக்கு மட்டும் இதைக் காட்டாதீர்கள்.