வெனிலா பாட்டிலில் எழுதியிருப்பதன் அர்த்தம்

கேள்வி: வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். கடையில் வாங்கும் வெனிலா எசென்ஸில் 'நேச்சர் ஐடென்டிகல்' என்று போட்டிருக்கிறது. பெட்ரோலியத்தில் இருந்து எடுப்பது என்கிறார்கள், கெடுதலா? மலைத்தோட்டத்து ஒரிஜினல் வெனிலா என்று ஒருவர் 100 மி.லி. 120 ரூபாய்க்குத் தருகிறார். அதற்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். அந்த 120 ரூபாய் பாட்டிலைப் பற்றித்தான் எனக்குக் கவலை, உங்கள் கடை எசென்ஸைப் பற்றி அல்ல.

வெனிலா காயின் முக்கிய மணப்பொருளுக்கு வெனிலின் என்று பெயர். அதைக் காயில் இருந்தும் எடுக்கலாம், மரக்கூழ்க் கழிவு, கிராம்பு எண்ணெய், பெட்ரோலியப் பொருள் ஆகியவற்றில் இருந்தும் செய்யலாம். இன்று விற்பதில் பெரும்பகுதி பெட்ரோலிய வழியில் வருவதுதான். ஆனால் செய்து முடித்தபின் எல்லாம் ஒரே வெனிலின். உடம்புக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கேக்கில் நீங்கள் விடும் அளவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. 'நேச்சர் ஐடென்டிகல்' என்பதற்கு, இயற்கையில் இருக்கும் அதே பொருள், ஆனால் செய்து எடுத்தது என்றுதான் அர்த்தம்.

வித்தியாசம் வாசனையில் இருக்கிறது. பதப்படுத்திய காயில் வெனிலின் ஏறக்குறைய 2 சதவீதம்தான். கூடவே நூற்றுக்கணக்கான வேறு மணப்பொருள்கள் இருப்பதால் காய்ந்த திராட்சை, மரம், லேசான புகை என்று மணம் விரிகிறது. ஒரு டிஷ்யூ தாளில் இரண்டையும் ஒரு சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். எசென்ஸ் முதலில் இருந்த அதே ஒற்றை இனிப்பு வாசனையோடு இருக்கும், காயின் சாறு மாறிக்கொண்டே வரும். ஐஸ்கிரீம், கஸ்டர்டில் இது நன்றாகத் தெரியும். அடுப்பில் வெந்த சாக்லேட் கேக்கில் எனக்கே பிரித்துச் சொல்ல வராது.

இனி அந்த ஒரிஜினல் பாட்டிலுக்கு வருவோம். அமெரிக்கச் சட்டம் வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்று சொல்ல ஒரு அளவு வைத்திருக்கிறது: லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் காய், குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால். அந்தக் கணக்கில் 100 மி.லி.க்கு 10 கிராம், அதாவது மூன்று நல்ல காய் வேண்டும். மூன்று காய் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். அதோடு ஆல்கஹால், பாட்டில், விற்பவரின் லாபம். 120 ரூபாயில் இது முடியுமா? அந்த மூன்று காயில் உள்ள வெனிலின் மொத்தமே 0.2 கிராம். அதையே செய்த வெனிலினாகப் போட்டால் ஒரு ரூபாய்கூட ஆகாது. மோசடியின் லாபம் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பழுப்பு நிறத்துக்குக் கேரமல் போதும். கறுப்பு விதைகள் மிதக்கிறதே என்றும் நம்ப வேண்டாம், சாறு எடுத்து முடித்த சக்கையை அரைத்துப் போடுகிறார்கள். மலைப்பகுதிக் கடை ஒன்றில் நானே அப்படி வாங்கி ஏமாந்தேன். வீட்டில் வடிகட்டி விதைகளை மட்டும் முகர்ந்தபோது வாசனையே இல்லை.

விலை உயர்ந்த வெளிநாட்டுப் பாட்டிலிலும் ஒரு விஷயம் உண்டு. அரிசித் தவிட்டில் இருந்து ஃபெருலிக் அமிலம் எடுத்து, நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்க வைத்தும் வெனிலின் செய்கிறார்கள். அது வெனிலா கொடியைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஐரோப்பாவில் அதற்கு 'நேச்சுரல் ஃப்ளேவரிங்' என்று போடலாம், பொய் ஆகாது. 'நேச்சுரல் வெனிலா ஃப்ளேவரிங்' என்று போடத்தான் மணப்பொருளில் குறைந்தது 95 சதவீதம் வெனிலாவில் இருந்தே வந்திருக்க வேண்டும். நடுவில் அந்த 'வெனிலா' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காய், இல்லாவிட்டால் தவிடாகவும் இருக்கலாம். இயற்கை என்ற சொல்லுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்பதை இந்த ஒரு சொல்தான் தீர்மானிக்கிறது.

நம் ஊர் லேபிள் இதைவிடக் குறைவாகவே சொல்கிறது. சேர்த்த மணம் செயற்கை வகை, அதாவது இயற்கையில் இல்லாத பொருள் என்றால் பெயரைப் போட வேண்டும், வெனிலின் போலவே மணக்கும் எத்தில் வெனிலின் அப்படித்தான் வரும். இயற்கை, நேச்சர் ஐடென்டிகல் இரண்டுக்கும் வகையைச் சொன்னால் போதும். எதிலிருந்து செய்தது என்று கேட்டு வாங்க, காசு கொடுக்கும் நமக்கு வழியே இல்லை. அட்டையில் பூவும் காயும் படமாகப் போட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் வகையை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். இது எத்தனை வருஷமாக இப்படியே கிடக்கிறது!

இப்போதைக்கு, கேக்குக்கு உங்கள் எசென்ஸையே வைத்துக்கொள்ளுங்கள். வெனிலாவே முக்கியமான கஸ்டர்டு மாதிரி ஏதாவது செய்தால், முழுக் காயாக வாங்குங்கள். வளைத்தால் ஒடியாமல் மடங்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு தெரிய வேண்டும். அப்புறம், எசென்ஸ் போட்ட கேக் பெட்டியில் 'இயற்கை வெனிலா' என்று எழுதிவிடாதீர்கள். எசென்ஸ் பாட்டிலில் உள்ள வகையையே உங்கள் லேபிளிலும் போடுங்கள்.