காய்ச்சல் விட்ட பிறகு வாந்தி, வயிற்றுவலி

"தம்பிக்கு டெங்கு, ஐந்தாம் நாள். காய்ச்சல் விட்டது; ஆனால் வாந்தி நிற்கவில்லை, வயிறு வலிக்கிறது. பிளேட்லெட் 90,000. வீட்டிலேயே பார்க்கலாமா?"

வேண்டாம், இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்தான ஓரிரு நாள் தொடங்கும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில், நெஞ்சுக்கூட்டில் சேரும், ரத்தம் கெட்டியாகும். அதைக் காட்டுவது பிளேட்லெட் அல்ல, ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்லும் ஹீமட்டோக்ரிட். 40 இருந்தது 48 ஆனால் கசிவு கணிசமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அங்கே சிறுநீரையும் அளப்பார்கள். 60 கிலோ ஆளுக்கு மணிக்குச் சுமார் 30 மில்லியாவது வர வேண்டும். டிரிப்ஸ் போதாவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஷாக் வரும். அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அதனால் 'இன்னொரு பாட்டில் போடுங்க' என்று நச்சரிக்காதீர்கள்.

வலிக்கு ஐபுபுரூஃபன் கொடுக்க வேண்டாம். அப்புறம், கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள்.