ஐந்து வயதுக் கையில் ரேகை பார்க்கலாமா?

"மகளுக்கு 5 வயது. போன வருஷம் தெரிந்த விதி ரேகை இப்போது காணோம். ஆயுள் ரேகையும் நடுவில் விட்டிருக்கிறது. பயமாக இருக்கிறது."

பயம் வேண்டாம். ஆயுள், புத்தி, இருதய ரேகைகள் கருவிலேயே, மூன்றாம் மாத வாக்கில் விழும் தோல் மடிப்புகள். அவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். விதி ரேகை போன்ற மெல்லிய கோடுகள்தான் கை வளர வளர மங்கும், திரும்பவும் தோன்றும். அதனால்தான் பல ரேகைக்காரர்கள் 12, 14 வயதுக்கு முன் பலன் சொல்வதில்லை. சிலர் 18 என்பார்கள்.

அந்த இடைவெளியைப் பகல் வெளிச்சத்தில், கையைத் தளர்வாகக் குவிக்கச் சொல்லிப் பாருங்கள். விரலை விறைப்பாக நீட்டினால் மெல்லிய மடிப்பு மறைந்து, உடைந்த மாதிரித் தெரியும். அப்புறம் மறு கையையும் பாருங்கள். இடைவெளி ஒரு கையில் மட்டும் இருந்தால் ரேகைக்காரர்களிலேயே பலர் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆயுளைக் கோடு சொல்லும் என்பதை நான் எந்த வயதிலும் நம்பியதில்லை, அது வேறு கதை.