ஃபேன் கப்பாசிட்டர்: 2.1 காட்டினால் மாற்றணுமா?

"மண்டபம் ஊரில் கடலோர வீடு. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. கப்பாசிட்டரில் 2.5 µF ±5% என்று இருக்கிறது, மீட்டர் 2.1 காட்டுகிறது. மாற்றணுமா?"

மாற்றுவதற்கு முன் ஒரு தடவை சரியாக அளந்து பாருங்கள். மெயினை அணைத்து, கப்பாசிட்டரின் இரண்டு ஒயரையும் கழற்றிவிடுங்கள். ஃபேனோடு சேர்த்து அளந்தால் மோட்டார் காயிலும் கணக்கில் வந்து அளவு தப்பாகும். பிறகு ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் கப்பாசிட்டர் முனைகளில் சில விநாடி வைத்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். இறக்காமல் வைத்தால் மீட்டரே போய்விடும்.

நம் பக்கத்து உப்புக் காற்றில் ஒயர் முனை பச்சை பூத்திருக்கும். செம்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுங்கள். இல்லாவிட்டால் எண் நிலையாக நிற்காது. கப்பாசிட்டர் முனைகளில் விரல் படாமல் அளந்து பாருங்கள்.

±5% என்றால் 2.38-க்குக் கீழே போகக் கூடாது. மறுபடியும் 2.1 வந்தால் 16% குறைவு, தயங்காமல் மாற்றுங்கள். கப்பாசிட்டரின் உடல் உப்பியிருந்தால் மீட்டர் 2.5 காட்டினாலும் வேண்டாம். மீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது, 230 வோல்ட்டில் கசிவது அதற்குத் தெரியாது.

புதியதும் அதே 2.5, 440 வோல்ட் ஏசி வாங்குங்கள். வேகம் கூடும் என்று 4 போட்டால் காயில் சூடாகும். அப்புறமும் மெதுவாகவே சுற்றினால், மெயினை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். சட்டென நின்றால் பேரிங்தான்.