துறைக் குறியீட்டிலிருந்து முழுப் பெயர்: SWITCH சூத்திரம் பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பொறியியல் கல்லூரி அலுவலகங்களில் மாணவர் பட்டியல் தயாரிப்பவர்களிடமிருந்து வந்தவை. பட்டியலில் CSE, ECE என்று சுருக்கமாக இருப்பதைச் சான்றிதழிலும் அறிக்கையிலும் முழுப் பெயராக அச்சிட வேண்டும் என்பதே அனைவரின் தேவையும். எக்செலை அடிப்படையாகக் கொண்டு பதில் தருகிறேன்.

கேள்வி: C நெடுவரிசையில் உள்ள குறியீட்டை முழுப் பெயராக்க, ஒன்றுக்குள் ஒன்றாக IF எழுதிவருகிறேன். புதிய துறை வரும்போதெல்லாம் அடைப்புக்குறிக் கணக்கு தவறிவிடுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: ஒரே செல்லின் மதிப்பைப் பல குறியீடுகளோடு ஒப்பிடுவதற்கென்றே SWITCH இருக்கிறது. அடுக்கு IF-இல் `C2="CSE"`, `C2="ECE"` என்று ஒவ்வொரு முறையும் செல்லின் பெயரைத் திரும்ப எழுதுகிறோம். அவற்றுள் ஒன்றில் C2-க்குப் பதிலாக C3 என்று விழுந்துவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். SWITCH-இல் ஒப்பிட வேண்டியதை முதலில் ஒருமுறை மட்டும் எழுதுகிறோம். அதன்பின் குறியீடு, பெயர், குறியீடு, பெயர் என இணை இணையாகத் தொடர்கிறோம்.

```
=SWITCH(TRIM(C2),
"CSE","கணினி அறிவியல் மற்றும் பொறியியல்",
"ECE","மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்",
"EEE","மின்னியல் மற்றும் மின்னணுவியல்",
"MECH","இயந்திரப் பொறியியல்",
"குறியீடு இல்லை: "&C2)
```

கடைசி வரிக்கு இணை இல்லாததைக் கவனியுங்கள். எந்தக் குறியீடும் பொருந்தாதபோது வர வேண்டிய விடை அது. அதை எழுதாவிட்டால் `#N/A` வரும். அந்த இடத்தில் "மற்றவை" என்று பொதுவாக எழுதுவதை நான் பரிந்துரைப்பதில்லை. பொருந்தாத குறியீட்டையே விடையில் காட்டினால், பட்டியலை வடிகட்டியவுடன் எந்தத் துறை விடுபட்டது, எது தவறாகத் தட்டச்சிடப்பட்டது என்பது தெரிந்துவிடும். TRIM குறியீட்டின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்குகிறது. cse என்று சிறிய எழுத்தில் இருந்தாலும் எக்செல் பொருத்திக்கொள்ளும். ஆனால் C.S.E. என்று புள்ளியிட்டிருந்தால் அது வேறு குறியீடாகவே கொள்ளப்படும்.

கேள்வி: பதிவெண்ணிலிருந்து துறை எண்ணைப் பிரித்தெடுத்து SWITCH-இல் கொடுத்தேன். 104 என்று கண்ணெதிரே தெரிகிறது. எனினும் எல்லா வரிகளிலும் `#N/A` வருகிறது. ஏன்?

பதில்: அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் வழங்கும் பன்னிரண்டு இலக்கப் பதிவெண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் நான்கு இலக்கங்கள் கல்லூரியையும், அடுத்த இரண்டு சேர்ந்த ஆண்டையும், அதையடுத்த மூன்று துறையையும், கடைசி மூன்று மாணவரின் வரிசையையும் குறிக்கின்றன. 999921104027 என்ற மாதிரி எண்ணில் ஏழாவது இலக்கத்திலிருந்து மூன்றை எடுத்தால் 104 கிடைக்கும். அது கணினி அறிவியல் துறை.

ஆனால் இப்படிப் பிரித்தெடுக்கப் பயன்படும் MID தருவது எப்போதும் எழுத்துச் சரம், எண் அன்று. நீங்கள் சூத்திரத்தில் மேற்கோள்குறி இல்லாமல் 104 என்று எழுதியிருப்பீர்கள். பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் எழுத்தாக உள்ள 104-ஐயும் எண்ணாக உள்ள 104-ஐயும் எக்செல் சமமாகக் கொள்வதில்லை. சந்தேகம் இருந்தால் வெற்றுச் செல் ஒன்றில் `=ISTEXT(MID(A2,7,3))` என்று இட்டுப் பாருங்கள். TRUE என்று வரும். குறியீடுகளை மேற்கோளுக்குள் எழுதுவதே தீர்வு.

```
=SWITCH(MID(A2,7,3),
"103","கட்டடப் பொறியியல்",
"104","கணினி அறிவியல் மற்றும் பொறியியல்",
"106","மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்",
"114","இயந்திரப் பொறியியல்",
"குறியீடு இல்லை: "&MID(A2,7,3))
```

MID-ஐ VALUE-க்குள் வைத்து எண்ணாக மாற்றியும் இதைச் சரிசெய்யலாம். எனினும் துறை எண் ஓர் அடையாளமே. அதைக் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லை. சில நிறுவனங்களில் 01, 02 என்று குறியீடு இருக்கும். எண்ணாக மாற்றினால் முன்னுள்ள பூஜ்யம் மறைந்துவிடும். ஆகவே எழுத்தாகவே வைத்துக்கொள்வது நல்லது.

இதோடு தொடர்புடைய எச்சரிக்கை ஒன்று. பதிவெண் 9.99921E+11 என்று தோன்றும் நிலையில் கோப்பை CSV வடிவில் சேமித்தால், திரையில் தெரியும் வடிவமே எழுதப்பட்டு, துறை எண்ணும் வரிசை எண்ணும் இழக்கப்படும். அதன்பின் எந்தச் சூத்திரமும் அவற்றை மீட்டுத் தராது. பதிவெண் நெடுவரிசையை முதலிலேயே Text வடிவத்தில் அமைத்துவிடுங்கள்.

கேள்வி: பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் ECE மாணவர்கள் அனைவருக்கும் துறைப் பெயராக "EEE" என்று வருகிறது. எங்கே தவறு?

பதில்: ECE-க்குரிய பெயர் விடுபட்டிருக்கிறது. SWITCH-இல் மிகவும் அஞ்ச வேண்டிய பிழை இதுதான். விடுபட்ட நிலையில் சூத்திரம் இப்படி இருக்கும்:

```
=SWITCH(C2,"CSE","கணினி அறிவியல்","ECE","EEE","மின்னியல்")
```

எக்செல் இதை இரண்டிரண்டாகப் பிரிக்கும்போது "ECE"-இன் விடையாக "EEE" அமைந்துவிடுகிறது. தனித்து நிற்கும் "மின்னியல்", பொருந்தாத எல்லாக் குறியீடுகளுக்குமான பொது விடையாக மாறுகிறது. அதனால் EEE மாணவர்களுக்குச் சரியான பெயரே வந்து நம்மை ஏமாற்றும். பட்டியலில் இல்லாத துறையினரும் மின்னியல் மாணவராக அச்சாவார்கள். ஒவ்வோர் இணையையும் Alt+Enter அழுத்தித் தனி வரியில் எழுதினால் விடுபட்ட இடம் பார்த்தவுடன் தெரியும். எழுதி முடித்ததும், எல்லாக் குறியீடுகளையும் அவற்றோடு வேண்டுமென்றே XYZ என்ற பொய்க் குறியீட்டையும் ஒரு நெடுவரிசையில் இட்டுச் சோதியுங்கள். XYZ-க்கு ஒரு துறைப் பெயர் வந்தால் இணை ஏதோ ஓரிடத்தில் நழுவியிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: என் கணினியில் சரியாக இருக்கும் கோப்பு, தேர்வுப் பிரிவுக் கணினியில் `#NAME?` காட்டுகிறது. சூத்திரத்தில் `_xlfn.` என்று ஏதோ சேர்ந்திருக்கிறது.

பதில்: அந்தக் கணினியில் இருப்பது பழைய எக்செல். SWITCH எக்செல் 2019-இலும் மைக்ரோசாஃப்ட் 365-இலும் உண்டு. தனியாக வாங்கிய 2016 பதிப்பிலும் அதற்கு முந்தையவற்றிலும் இல்லை. கோப்பைத் திறந்தவுடன் முன்பு கணக்கிட்ட பெயர்களே தெரிவதால் எல்லாம் சரி என்று தோன்றும். அந்தச் செல்லைத் திருத்தியதும் பிழை வெளிப்படும். கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபீஸிலும் SWITCH இருக்கிறது. பழைய எக்செலிலும் இயங்க வேண்டுமானால் Codes என்ற தனித் தாளில் A நெடுவரிசையில் குறியீட்டையும் B-யில் பெயரையும் இட்டு இதைப் பயன்படுத்துங்கள்:

```
=IFERROR(VLOOKUP(TRIM(C2),Codes!$A$2:$B$30,2,FALSE),
"குறியீடு இல்லை: "&C2)
```

FALSE என்பதை விட்டுவிடாதீர்கள்; விட்டால் எக்செல் தோராயப் பொருத்தத்தைத் தேடி வேறு துறையின் பெயரைத் தரக்கூடும்.

கேள்வி: எங்களிடம் இருபத்தைந்து துறைகள் உள்ளன. SWITCH தாங்குமா?

பதில்: தாங்கும், 126 இணைகள் வரை எழுதலாம். ஆனால் அத்தனை துறைகளுக்கு நான் SWITCH எழுத மாட்டேன். துறைகள் ஏழெட்டுக்குள் இருந்து, பெயர்கள் அரிதாகவே மாறுமானால் SWITCH பொருத்தமானது. விதி முழுவதும் சூத்திரத்திலேயே கண்ணுக்குத் தெரியும், தனித் தாளும் தேவையில்லை. ஆண்டுதோறும் புதிய பாடப்பிரிவுகள் சேருமிடத்தில், ஒரு பெயரை மாற்ற ஆயிரம் வரிகளில் உள்ள சூத்திரத்தைத் திருத்தி நகலெடுக்க வேண்டியிருக்கும். நடுவில் சில வரிகளில் பழைய சூத்திரமே தங்கிவிடுவதும் உண்டு. அங்கே மேலே சொன்ன Codes தாளில் ஒரு வரியைச் சேர்ப்பதே பாதுகாப்பானது. அத்தாளில் முப்பதாவது வரியைத் தாண்டும்போது சூத்திரத்தின் `$B$30` என்ற எல்லையையும் நீட்ட வேண்டும்.