ஒரே போஸ்ட்ல நன்றி சொன்னாலும் ஒவ்வொருத்தருக்கும் போய்ச் சேரணும்

கேள்வி: பிறந்தநாளுக்கு நெறைய பேரு வாழ்த்து சொல்லிருக்காங்க, தனித்தனியா பதில் போட முடியல. ஒரே போஸ்ட்ல எல்லாருக்கும் நன்றி சொன்னா மரியாதையா இருக்குமா? என்ன எழுதணும்?

தாராளமா சொல்லலாம். ஆனா படிக்கிறவருக்கு ‘இது என்னையத்தான் சொல்றாப்ல’ன்னு தெரியணும், அங்கதான் நெறைய பேரு விட்டுடுறாங்க.

நான் ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊருல மீன் வலை, கயிறு விக்கிற கடை வச்சிருக்கேன், அதனால பழக்கம் ஜாஸ்தி. மூணு வருஷம் முன்னாடி நன்றி போஸ்ட்ல பதினாலு பேர டேக் பண்ணி, கடைசில ‘மற்றும் அனைவருக்கும்’னு முடிச்சேன். தங்கச்சிமடத்துல இருக்குற எங்க மாமா காலைல படகு ஏறுறதுக்கு முன்னாடி மொத ஆளா கூப்பிட்டு வாழ்த்துனவரு, அவரு பேரு அதுல இல்ல. அடுத்து ஒரு கல்யாண வீட்டுல எங்கம்மாகிட்ட, "என் பேரு மட்டும் உன் மகனுக்கு ஞாபகம் வரலயாத்தா"ன்னு கேட்டுருக்காரு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அதுக்கப்புறம் நான் பேரே போடுறதில்ல, அவங்க என்ன செஞ்சாங்களோ அதைச் சொல்லிருவேன். போன வருஷம் போட்டது இது:

"எல்லாருக்கும் வணக்கம். நேத்து என்னைய வாழ்த்துன பெரியவங்களுக்கு மொதல்ல என் நன்றி. கடலுக்குப் போற அவசரத்துலயும் கூப்பிட்ட மாமாமாரு, கரை ஏறுனதும் மெசேஜ் போட்ட அண்ணன் தம்பிங்க, வெளிநாட்டுல டூட்டிக்கு நடுவுல வாய்ஸ் அனுப்புன சொந்தங்க, பழைய போட்டோவத் தேடி ஸ்டேட்டஸ் வச்ச ஸ்கூல் கூட்டாளிங்க, எனக்காக துஆ செஞ்சவங்க, ஜெபம் பண்ணுனவங்க, கோயில்ல என் பேருக்கு அர்ச்சனை வச்சவங்க எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒண்ணு விடாம படிச்சேன், கேட்டேன். இன்னைக்குக் காலைல வந்த வாழ்த்தும் எனக்கு நேத்து வந்த மாதிரிதான்."

இதுல துஆ, ஜெபம், அர்ச்சனை மூணையும் தனித்தனியா சொன்னதுக்குக் காரணம் இருக்கு. எங்க கரையில கீழக்கரை பாய் வீடு, பாம்பன் சர்ச் பக்கத்து வீடு, ராமேஸ்வரம் கோயில் வீதி வீடுன்னு எல்லாப் பக்கமும் நமக்கு ஆளு உண்டு, அவங்கவங்க சொன்ன சொல்லையே திருப்பிச் சொன்னா அது தனக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுரும். கடைசி வரி லேட்டா சொன்னவங்களுக்காக. ‘பிஸியா இருந்ததால பதில் போட முடியல’ன்னு மட்டும் எழுதிராதீங்க, அதைப் படிக்கிறவரு தன் வேலைய விட்டுட்டு உங்களுக்கு மெசேஜ் போட்டவரு.

எப்பப் போடணும்னா மறுநாள் சாயங்காலம்தான். சிங்கப்பூர்ல மணி பன்னெண்டு ஆகும்போது நமக்கு ராத்திரி 9.30தான், அதனால அங்க உள்ளவங்க வாழ்த்து முந்துன நாளே வந்துரும். துபாய்ல பன்னெண்டு ஆகும்போது நமக்கு 1.30, அவங்க நாளு முடியும்போது நமக்கு அடுத்த தேதி பொறந்துருக்கும். விசைப்படகுல போனவங்க மறுநாள் காலைல கரைக்கு வந்துதான் போனையே பாப்பாங்க. பிறந்தநாள் அன்னைக்கு ராத்திரியே நன்றி போட்டா இவங்க எல்லாரும் முடிஞ்சுபோன பந்திக்கு வந்த மாதிரி ஆயிரும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ மட்டும் நம்பாதீங்க. 24 மணி நேரத்துல போயிரும், அதோட நீங்க அவங்க நம்பரையும் அவங்க உங்க நம்பரையும் சேவ் பண்ணிருந்தாத்தான் அது தெரியும். கடைக்கு வர்ற பாதிப் பேரு நம்பர் என்கிட்ட சேவ் ஆகியே இருக்காது. அதனால பேஸ்புக்ல போட்டுட்டு, அதே எழுத்தக் காப்பி பண்ணி சொந்தக்காரங்க குரூப், ஸ்கூல் குரூப் ரெண்டுலயும் போட்டுருவேன். பேஸ்புக்ல வாழ்த்துனவங்க கமெண்டுக்கு ஒரு ஹார்ட்டாவது போட்டுருங்க, அவங்களுக்கு நோட்டிபிகேஷன் போகும், அப்படியே உங்க பக்கம் வந்து போஸ்ட்டையும் பாப்பாங்க.

இன்னொண்ணு, எங்க ஊரு பக்கம் உள்ளவங்களுக்காகச் சொல்றேன். படகப் புடிச்சுட்டாங்கன்னோ கடலுக்குப் போன ஆளு வரலன்னோ சேதி வந்த நாள்ல போஸ்ட்டத் தள்ளி வைங்க. ரெண்டு நாள் கழிச்சு, கேக் போட்டோ இல்லாம வெறும் எழுத்தாப் போட்டாப் போதும். நமக்கு வாழ்த்துச் சொன்ன ஆளே அன்னைக்கு ஜெட்டிப் பாலத்துல நின்னு கடலப் பாத்துக்கிட்டு இருப்பாரு.

போன்ல கூப்பிட்ட பெரியவங்க நெறைய பேருக்கு பேஸ்புக்கே கெடையாது, போஸ்ட் எவ்வளவு நல்லா எழுதுனாலும் அவங்க கண்ணுல படாது. கால் லிஸ்ட்டப் பாத்து அவங்களுக்கு மட்டும் திருப்பிக் கூப்பிட்டுருங்க. போன வருஷம் எனக்கு அப்படி ஒம்போது பேரு, மொதல்ல மாமாவுக்குத்தான் போட்டேன்.