அப்பாவின் வீட்டை விற்றோம்: எந்தத் தொகைக்கு வரி கட்ட வேண்டும்?

கேள்வி: எங்கள் அப்பா 1988-ல் ரூ.2.40 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்கினார். 2009 செப்டம்பரில் ரூ.8 லட்சம் செலவில் மாடி கட்டி முடித்தார். அம்மா முன்பே இறந்துவிட்டார். 2019-ல் அப்பாவும் காலமானார். உயில் இல்லை, வாரிசுகள் நானும் தம்பியும் மட்டும்தான். இருவரும் இங்கேதான் வசிக்கிறோம். 2025 ஆகஸ்டில் வீட்டை ரூ.90 லட்சத்துக்கு விற்றோம். தரகு ரூ.90,000, பத்திரம் எழுத வக்கீலுக்கு ரூ.10,000 ஆனது. விற்பதற்கு முன் ரூ.1.20 லட்சத்துக்கு பெயின்ட் அடித்தோம். "சும்மா வந்த வீடு, 90 லட்சத்துக்கும் வரி" என்கிறார் ஒருவர். "அப்பா இறந்த அன்று இருந்த மதிப்பான 65 லட்சத்தைக் கழித்துக்கொள்" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டுமே சரியில்லை. முதலாமவர் பேச்சைக் கேட்டால் கட்ட வேண்டாத வரியைக் கட்டுவீர்கள். இரண்டாமவர் பேச்சைக் கேட்டால் நோட்டீஸ் வரும்.

வாரிசாக வீடு கைக்கு வந்தபோது நீங்கள் பணம் கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் அப்பா கொடுத்திருக்கிறார். வருமான வரிச் சட்டம், 1961-ன் பிரிவு 49(1) இதை நேராகவே சொல்கிறது: வாரிசுரிமையாக வந்த சொத்துக்கு, முந்தைய உரிமையாளர் என்ன விலை கொடுத்தாரோ அதுதான் உங்களுக்கும் வாங்கிய விலை. அப்பா இறந்த தேதியில் சந்தை மதிப்பு என்னவாக இருந்தது என்பதை நம் சட்டம் கேட்பதே இல்லை. சில நாடுகளில் அப்படி ஒரு விதி இருப்பதால், வெளிநாட்டு உறவினர்கள் சொல்லி இந்தத் தவறு இங்கே அடிக்கடி பரவுகிறது.

அப்படியானால் ரூ.2.40 லட்சத்தை மட்டும்தான் கழிக்க முடியுமா? இல்லை. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, உண்மையில் கொடுத்த விலைக்குப் பதிலாக அந்தத் தேதியில் இருந்த நியாயமான சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று பிரிவு 55(2) அனுமதிக்கிறது. வாங்கியவர் அப்பா, அதுவும் 1988-ல் என்பதால் இந்தச் சலுகை உங்களுக்கும் உண்டு. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001-ம் ஆண்டு மதிப்புக்கு அறிக்கை வாங்குங்கள்.

இங்கே ஒரு கடிவாளம் இருக்கிறது. 2020-ல் வந்த திருத்தத்தின்படி, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் நீங்கள் காட்டும் 2001 சந்தை மதிப்பு, அதே தேதியில் முத்திரைத் தீர்வைக்காகக் கணக்கிடப்படும் அரசு மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பு கிடைக்கும் இடங்களில் எல்லாம் இந்த வரம்பு பொருந்தும். நிலத்தின் அன்றைய வழிகாட்டி மதிப்போடு, அன்று இருந்த கட்டடத்தின் மதிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டடத்தை விட்டுவிட்டு நிலத்துக்கு மட்டும் மதிப்பு போட்டுத் தங்களுக்கே நஷ்டம் செய்துகொள்பவர்கள் நிறைய பேர். உதாரணமாக, மதிப்பீட்டாளர் ரூ.14 லட்சம் என்று எழுதித் தருகிறார், அரசு மதிப்பு நிலமும் கட்டடமுமாக ரூ.11 லட்சம் வருகிறது என்று வையுங்கள். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது 11 லட்சம். உங்கள் வீட்டுக்கான உண்மையான எண் தெரிந்ததும் இதற்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளலாம். கீழே 11 லட்சத்தை வைத்தே கணக்குப் போடுகிறேன்.

அடுத்து மாடி. அதைக் கட்டியது அப்பாதான் என்றாலும், 2001 ஏப்ரல் 1-க்குப் பிறகு முந்தைய உரிமையாளர் செய்த மேம்பாட்டுச் செலவும் உங்கள் கணக்கில் கழியும். அதற்கு முன் செய்த மேம்பாடுகள் தனியாகக் கழியாது. அவற்றின் பயன் 2001 மதிப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எனவே 2009-ல் செலவான ரூ.8 லட்சம் முழுவதையும் கோரலாம். நிரூபிப்பதுதான் சிரமம். அப்பாவின் காலத்து பில்கள் யாரிடமும் முழுமையாக இருப்பதில்லை. மாடிக்கு வாங்கிய கட்டட அனுமதி, மாடி வந்த பிறகு உயர்த்தப்பட்ட சொத்து வரி விதிப்பு, அந்த மாதங்களில் பணம் எடுத்ததைக் காட்டும் அவருடைய வங்கிப் பாஸ்புக் ஆகிய மூன்றையும் முதலில் தேடுங்கள். செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி என்று தேதிவாரியாக அவர் எழுதி வைத்த நோட்டு இருந்தால் அதைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். தனியாக அதற்கு வலு குறைவு. பாஸ்புக்கில் பணம் எடுத்த தேதியும் நோட்டில் கூலி கொடுத்த தேதியும் ஒத்துப்போனால் அதிகாரியால் அதை எளிதில் ஒதுக்க முடியாது.

பெயின்ட் செலவை விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு, பெயின்ட், ஒழுகல் அடைப்பது போன்றவை பராமரிப்பு. மேம்பாடு என்றால் வீட்டில் நிலையாக ஏதோ ஒன்று கூடியிருக்க வேண்டும். "நல்ல விலை வரட்டும் என்றுதானே அடித்தோம், விற்பனைச் செலவில் சேர்க்கலாமே" என்று கேட்பீர்கள். சட்டம் அனுமதிப்பது, விற்பனைக்காகவே, முழுக்க முழுக்க அதனோடு தொடர்புடைய செலவை மட்டும். தரகும் பத்திரம் எழுதிய கட்டணமும் அந்த வகையில் வரும். பெயின்ட் வராது என்பதே என் கருத்து. வாரிசுச் சான்றிதழ் வாங்கியது, பாக்கி சொத்து வரி கட்டியது ஆகியவற்றையும் அதே காரணத்தால் சேர்க்காதீர்கள். தரகரிடம் கையெழுத்திட்ட ரசீது இல்லை என்றால் இப்போதே வாங்கிவிடுங்கள்.

இனி கணக்கு. விற்ற விலை 90 லட்சத்தில் விற்பனைச் செலவு 1 லட்சம் போனால் மிச்சம் 89 லட்சம். அதில் 2001 மதிப்பு 11 லட்சத்தையும் மாடிச் செலவு 8 லட்சத்தையும் கழித்தால் ஆதாயம் 70 லட்சம். அப்பா வைத்திருந்த காலமும் உங்கள் காலமாகவே எண்ணப்படுவதால் இது நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் இதற்கு 12.5 சதவீத வரி. விலைவாசி ஏறியதற்கேற்ப வாங்கிய விலையைக் கூட்டிக் காட்டும் பணவீக்கக் குறியீட்டுச் சலுகை கிடையாது. அப்படிப் பார்த்தால் வரி ரூ.8,75,000.

ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கைக்கு வந்த நிலம், கட்டடத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கும் இந்து கூட்டுக் குடும்பங்களுக்கும் மட்டும் ஒரு பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள். பழைய முறைப்படி குறியீட்டோடு கணக்கிட்டு 20 சதவீத வரி போட்டால் என்ன வருமோ, அதற்கு மேல் உங்களிடம் வாங்க மாட்டார்கள். அதையும் போட்டுப் பார்ப்போம். குறியீட்டெண் 2001-02-க்கு 100, 2009-10-க்கு 148, விற்ற ஆண்டான 2025-26-க்கு 376.

```
2001 மதிப்பு : 11,00,000 × 376 ÷ 100 = 41,36,000
மாடி         :  8,00,000 × 376 ÷ 148 = 20,32,432
ஆதாயம்      : 89,00,000 − 41,36,000 − 20,32,432 = 27,31,568
வரி 20%      : 5,46,314
```

8.75 லட்சத்துக்குப் பதில் சுமார் 5.46 லட்சம். வீடு உங்கள் இருவருக்கும் சரிபாதி என்பதால் ஆளுக்கு ரூ.2,73,157 வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் வரும். இருவரும் தனித்தனியாக ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். ஒருவரே முழுத் தொகையையும் காட்டுவது தவறு. உங்களில் ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்திருந்தால், அவருக்கு இந்த 20 சதவீதப் பாதுகாப்பு கிடையாது. அவர் தன் பாதிக்கு 12.5 சதவீதக் கணக்கில் ரூ.4,37,500 கட்டியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: 11 லட்சத்துக்குக் குறியீட்டை எந்த ஆண்டிலிருந்து எடுப்பது? சட்டத்தின் வாசகத்தை மட்டும் படித்தால், சொத்து உங்கள் கைக்கு வந்த 2019-20-ன் எண்ணான 289-ஐ எடுக்கத் தோன்றும். அப்படி எடுத்தால் 41.36 லட்சம் வெறும் 14.31 லட்சமாகச் சுருங்கிவிடும். 20 சதவீத வரி 10.87 லட்சத்துக்கு ஏறும். "சரி, 12.5 சதவீதமே மேல்" என்று முடிவு கட்டி 8.75 லட்சத்தைக் கட்டிவிடுவீர்கள். மஞ்சுளா ஷா வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2011-ல் இதற்குத் தெளிவான பதில் கொடுத்தது. முந்தைய உரிமையாளரின் காலத்தை உங்கள் காலமாக எண்ணும்போது, குறியீட்டையும் அவர் வைத்திருந்த ஆண்டிலிருந்தே எடுக்க வேண்டும் என்றது. டெல்லி உயர் நீதிமன்றமும் பின்னர் அதே வழியில் தீர்ப்பளித்தது. உங்கள் ரிட்டர்னைத் தயாரிப்பவர் 289 என்று போட்டிருந்தால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

எல்லா வீட்டுக்கும் பழைய முறைதான் லாபம் என்று நினைக்க வேண்டாம். 2001-க்குப் பிறகு மேம்பாடு எதுவும் செய்யாத வீடாக இருந்து, 2025-26-ல் செலவு போக வந்த விலை 2001 மதிப்பைப் போல் சுமார் 8.4 மடங்கைத் தாண்டினால், 12.5 சதவீதமே குறைவாக வரும். அரசு மதிப்பு அன்று மிகக் குறைவாக இருந்த இடங்களில் இது சாதாரணமாக நடக்கிறது. ஆகவே இரண்டையும் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

90 லட்சம் என்ற விலையையும் ஒரு தரம் சரிபாருங்கள். பதிவின்போது அரசு மதிப்பு அதைவிடக் கூடுதலாக இருந்து, வித்தியாசம் 10 சதவீதத்துக்குள், அதாவது ரூ.99 லட்சம் வரை இருந்தால் கவலை இல்லை. அதைத் தாண்டினால், கையில் 90 லட்சமே வந்திருந்தாலும் பிரிவு 50சி-படி அரசு மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக் கணக்குப் போடுவார்கள். கிரயப் பத்திரத்தில் முத்திரைத் தீர்வை எந்த மதிப்புக்குக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

விலை 50 லட்சத்தைத் தாண்டியதால், வாங்கியவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருக்க வேண்டும்; உங்கள் இருவர் பெயரிலும் ஆளுக்கு ரூ.45,000. அது உங்கள் படிவம் 26ஏஎஸ்-ல் ஏறியிருக்கிறதா, பாதிப் பாதியாகப் பிரிந்திருக்கிறதா என்று ரிட்டர்ன் தாக்கல் செய்யும் முன் பார்த்துவிடுங்கள். முழு ரூ.90,000-மும் உங்கள் பான் எண்ணிலேயே ஏறியிருந்தால், வாங்கியவரிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தம்பியின் ரிட்டர்னில் அந்தக் கழிவு கிடைக்காது.